தொளதொளச் சட்டையை அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒளிப்படத்தில் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம், எடுத்து முடித்த படத்தில் ஆண்கள் சட்டையின் பொருத்தத்தைப் போட்டோஷாப்பில் திருத்துவதைப் பற்றியது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, பதில்கள் முழுவதிலும் ஒரே படத்தை வைத்துக்கொள்கிறேன். 4000க்கு 6000 பிக்சல் அளவுள்ள நெட்டுவாக்குப் படம். வெளிர்நீல முழுக்கைச் சட்டையை இன் செய்து அணிந்த ஓர் இளைஞர், தலை முதல் பெல்ட் வரை தெரியும்படி நிற்கிறார். ஒரு கை தொங்குகிறது. மற்றொரு கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது. பின்னால் செங்குத்தாக அடித்த மரப்பலகைச் சுவர். சட்டை அவருக்கு ஓர் அளவு பெரியது.

ஓரத்தை உள்ளே தள்ளிவிட்டேன். ஆனாலும் சட்டை தொளதொளப்பாகவே தெரிகிறதே, ஏன்?

ஒரு சட்டை பெரியது என்பதைக் கண் அதன் ஓரத்தைக் கொண்டு மட்டும் அறிவதில்லை. உள்ளே கிடக்கும் மடிப்புகளும் அதையே சொல்கின்றன. உடம்போடு ஒட்டாத துணி தன் எடையால் கீழே இறங்கும்போது, அக்குளிலிருந்து இடுப்பை நோக்கி நீண்ட, அகலமான, மெத்தென்ற மடிப்புகள் விழும். பெல்ட்டுக்கு மேலே துணி உருண்டு தொங்கும். நீங்கள் ஓரத்தை நகர்த்தியபோது இவை எதுவும் மறையவில்லை. 5 சென்டிமீட்டர் அகலத்தில் கிடந்த மூன்று மடிப்புகள் இப்போது 3 சென்டிமீட்டரில் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் வெளிச்சமும் நிழலும் முன்பிருந்த அளவிலேயே இருக்க, அகலம் மட்டும் குறைந்ததால், மெத்தென்றிருந்த மடிப்பு இப்போது கூர்மையான கசங்கலாகத் தெரிகிறது. ஒல்லியான உருவத்தில் ஒரு பெரிய சட்டையைத் திணித்ததுபோல் படம் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஓரத்தைத் திருத்துவது பத்து நிமிட வேலை. மடிப்பைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். இந்தக் கணக்கோடு உட்கார்ந்தால் அவசரம் வராது.

எவ்வளவு உள்ளே தள்ளலாம்? கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு, அது சட்டையிலேயே இருக்கிறது. ஆண்கள் சட்டையின் முன்பட்டன் பெரும்பாலும் 11 மில்லிமீட்டரை ஒட்டிய விட்டம் கொண்டது. நம் படத்தில் ஒரு பட்டனை அளந்தால் 72 பிக்சல் வருகிறது. ஆகவே 1 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 65 பிக்சல். இடுப்பின் அருகே சட்டையின் அகலம் 2800 பிக்சல், அதாவது சுமார் 43 சென்டிமீட்டர் தெரிகிறது. நல்ல தையல்காரர் இந்தச் சட்டையைப் பிடித்துத் தைத்தால் பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் போல உள்ளே எடுப்பார். அதுவே நம் எல்லை: பக்கத்துக்கு 130 பிக்சல். இதைத் தாண்டும்போது நாம் சட்டையை விட்டுவிட்டு ஆளின் உடம்பைத் திருத்தத் தொடங்கிவிடுகிறோம். அதை அவர் கேட்கவில்லை.

எவ்வளவு என்பதைப்போலவே எங்கே என்பதும் முக்கியம். பலரும் பெல்ட்டின் மட்டத்தில்தான் மிகக் குறுகலாகத் தள்ளுகிறார்கள். உடம்போடு பொருந்திய சட்டை மிகக் குறுகுவது அதற்கு மேலே, தொங்கும் கையின் முழங்கை மட்டத்துக்கு அருகில். அங்கிருந்து பெல்ட் வரை ஓரம் மெல்ல வெளியே வர வேண்டும். இன் செய்த சட்டைக்குக் குனிந்து நிமிர அந்தச் சிறு தளர்வு தேவை. அக்குளுக்குக் கீழே நான்கு விரல் அளவு நேராக இறங்கி, முழங்கை மட்டத்தில் உள்வாங்கி, பெல்ட்டை நோக்கி மறுபடி சற்று விரியும் ஒரு மெலிந்த வளைவைத் தனி லேயரில் கோடாக வரைந்துகொண்டு, அதன்பிறகு ஓரத்தைத் தொடுவது நல்லது.

பிரஷ் அளவு என்ன வைப்பது? எனக்கு ஓரம் அலை அலையாக வருகிறது.

அலை வருவதற்குப் பெரும்பாலும் காரணம், பிரஷ் சிறியதாக இருப்பதுதான். `Filter > Liquify` திறந்து `Forward Warp Tool` எடுத்ததும், கை தானாகவே ஓரத்தின் அளவுக்கு ஏற்ற சிறு பிரஷை நாடுகிறது. ஆனால் சிறு பிரஷால் பத்து முறை தள்ளினால் பத்துக் குழிகள் விழும். நம் படத்துக்கு `Size` 1200 போல இருக்கட்டும். அக்குளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே பாதி தூரத்தை ஒரே வட்டம் மூட வேண்டும். `Density` 50 இருக்கட்டும், `Pressure` 25க்கு இறங்கட்டும். வட்டத்தின் நடுப்புள்ளியை ஓரத்தின் மேல் வைத்து, ஓரத்துக்குச் செங்குத்தாக உள்நோக்கி மெல்ல இழுங்கள். ஒரே இழுப்பில் 130 பிக்சலை எட்ட முயலாமல், நான்கைந்து இழுப்புகளில், ஒவ்வொன்றையும் சற்று மேலோ கீழோ தொடங்கி, வரைந்த கோட்டை அடைய வேண்டும். `Show Backdrop` போட்டால் அந்தக் கோட்டு லேயரை உள்ளிருந்தே பார்க்கலாம்.

தொடுவதற்கு முன் `Freeze Mask Tool` கொண்டு கை, பெல்ட் கொக்கி, பட்டன் வரிசை ஆகியவற்றை மூடிவிடுங்கள். பட்டன் வரிசையை மறந்தால் இரு பக்கமும் இழுபட்டுப் பட்டன்கள் முட்டை வடிவாகிவிடும். முகத்தைப் பார்க்கும் யாரும் பட்டனை உற்றுப் பார்ப்பதில்லை என்று நினைப்போம். ஆனால் வட்டம் வட்டமாக இல்லாவிட்டால் கண் உடனே உணர்ந்துவிடுகிறது. மாஸ்க்கின் ஓரம் மென்மையாக இருக்கட்டும். கூர்மையான மாஸ்க்கின் எல்லையில் துணி சுவரில் மோதியதுபோல் நசுங்கி நிற்கும்.

சட்டைக்கையைக் குறைக்கும்போது கையின் வெளிக்கோட்டைத் தொடாமல், உடம்பை நோக்கியிருக்கும் உள்பக்கத்தை மட்டும் தள்ளுவது என் வழக்கம். தோளிலிருந்து இறங்கும் வெளிக்கோடு எலும்பின் மேல் கிடப்பது, அதற்கு உண்மையான வடிவம் இருக்கிறது. உபரித்துணி தொங்குவது அடியில்தான்.

பின்னால் இருக்கும் சுவரும் சேர்ந்து வளைகிறதே?

இந்தத் தவற்றை நான் அச்சுக்கே அனுப்பியிருக்கிறேன். ஒரு கல்யாண ஆல்பத்தில் மண்டபத் தூணின் அருகே நின்ற மாப்பிள்ளையின் சட்டையைத் திருத்தினேன். திரையில் எனக்குச் சட்டை மட்டுமே தெரிந்தது. 36 அங்குல அகலத் தாளில் அச்சாகி வந்ததும், மாப்பிள்ளையின் அக்கா முதலில் கேட்டது, “ஏன்ணா, அந்தத் தூண் மட்டும் இடுப்புப் பக்கம் வளைஞ்சிருக்கு?” என்பதுதான். அந்தத் தாளை என் செலவில் மறுபடி அச்சிட்டேன்.

ஓரம் 130 பிக்சல் உள்ளே போகும்போது, அதன் வெளியே இருக்கும் சுவர் அந்த இடைவெளியை நிரப்ப இழுபடுகிறது. பலகைக் கோடு வளைவதோடு, மர இழைகளும் படத்தின் பொடிப்பொடியான இரைச்சலும் கூட நீண்டு மங்கும். தீர்வு எளிது. மூலப் படத்தின் நகல் ஒன்றை, வளைத்த லேயருக்கு மேலே வைத்து, அதற்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷால் வெளிக்கொண்டு வாருங்கள். வளையாத சுவர் திரும்பிவிடும். பழைய ஓரத்துக்கும் புதிய ஓரத்துக்கும் இடையிலுள்ள 2 சென்டிமீட்டர் பட்டை மட்டும் மிச்சமிருக்கும். மூலப் படத்தில் அங்கே சட்டை இருப்பதால் அதைத் திருப்ப முடியாது. அந்தப் பட்டையைப் புதிய லேயரில் `Clone Stamp Tool` கொண்டு நிரப்ப வேண்டும். பலகைகளுக்கு நடுவிலுள்ள கோட்டின் மீதே Alt பிடித்துச் சொடுக்கி, நிரப்பும் இடத்திலும் கோட்டின் மீதே தொடங்கினால் கோடு முறியாது.

சுவர் வெறும் ஒரே நிறத் திரையாகவோ, முற்றிலும் மங்கிய தோட்டமாகவோ இருந்தால் இந்தச் சிரமம் பெரும்பாலும் தேவைப்படாது.

மடிப்புகளில் எதை அழிப்பது, எதை விடுவது?

எல்லாவற்றையும் அழித்தால் சட்டை துணியாக இராது, பூசிய சுவராகிவிடும். பொருந்திய சட்டையிலும் மடிப்பு உண்டு; அது வேறு வகை மடிப்பு. முழங்கை மடங்கும் இடத்தில் விழும் குறுக்குச் சுருக்கம், அக்குளிலிருந்து மார்பை நோக்கி இரண்டு மூன்று விரல் அளவு ஓடும் சிறு கோடுகள், பாக்கெட்டில் நுழைந்த கையால் பக்கவாட்டில் எழும் இழுப்பு, இவை உடம்பு அசைவதால் வருபவை. எந்தத் தையல்காரர் தைத்தாலும் இருக்கும். இவற்றைத் தொடாதீர்கள். நீண்டு தொங்கும் செங்குத்து மடிப்புகளும், பெல்ட்டுக்கு மேலே உருண்ட துணியும், பக்கவாட்டில் பையைப்போல் உப்பிய பகுதியும் உபரித்துணியால் வருபவை. வேலை இவற்றில்தான்.

நம் படத்தில் இடப்பக்கம் அக்குளிலிருந்து பெல்ட் வரை மூன்று நீண்ட மடிப்புகள் ஓடுகின்றன. நடு மடிப்பு ஆழமானது. முதலில் மூன்றில் ஒன்றை முழுதாக எடுத்துவிடலாம். ஓரத்துக்கு மிக அருகிலிருப்பதை எடுப்பது எளிது. வெற்று லேயர் ஒன்றில் `Clone Stamp Tool` வைத்து, `Sample` என்பதை `Current & Below` ஆக்கி, `Mode` என்பதை `Lighten` ஆக்குங்கள். இப்போது மூலப்பகுதியைவிட இருண்ட பிக்சல்கள் மட்டுமே மாறும். மடிப்பின் பள்ளம் நிரம்பும், அதன் இரு பக்கமும் இருக்கும் நல்ல துணி கெடாது. `Flow` 25 போதும். மூலப்பகுதியை மடிப்புக்கு மேலோ கீழோ, அதே வெளிச்சமும் அதே நெசவுத் திசையும் உள்ள இடத்தில் எடுக்க வேண்டும். மார்பிலிருந்து எடுத்து இடுப்பில் ஒட்டினால் நிறம் பொருந்தினாலும் இழை வேறு பக்கம் சாயும்.

மற்ற இரண்டு மடிப்புகளை அழிக்காமல் ஆழத்தைக் குறைக்கிறேன். இரண்டு `Curves` லேயர்கள், ஒன்று சற்று வெளுக்க, மற்றொன்று சற்று இருட்ட, இரண்டுக்கும் கறுப்பு மாஸ்க். கலப்பு முறையை `Luminosity` ஆக வைத்தால், வெளிர்நீலம் இருட்டும்போது அடர்நீலமாக மாறிவிடாது. பிறகு 4 சதவீத `Flow` உள்ள மென்பிரஷால், பள்ளத்தில் வெளுப்பையும், மேட்டில் இருட்டையும் தடவித் தடவிச் சேர்க்க வேண்டும். பள்ளத்தை மட்டும் வெளுத்துவிட்டு மேட்டை மறப்பது வழக்கமான தவறு. அப்போது மடிப்பு மறைந்தாலும் ஒரு வெள்ளைக்கோடு தனியாக நிற்கும். பாதி ஆழம் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பெல்ட்டின் மேல் உருண்ட துணியை `Liquify` உள்ளேயே ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றிவிடலாம். ஆனால் அந்த உருளையின் நிழல் பெல்ட்டின் மேல் பழைய இடத்திலேயே கிடக்கும். துணி மேலே, நிழல் கீழே, நடுவில் எதுவும் இல்லை என்றால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலேயே ஏதோ உறுத்தும். பெல்ட்டின் பக்கத்துப் பகுதியிலிருந்து நகலெடுத்து நிழலை மெலிதாக்கி, சட்டை பெல்ட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரற்கடை மட்டும் விட வேண்டும்.

Healing Brush போட்டால் ஓரத்தில் கறுப்பாகக் கசிகிறது. என்ன செய்வது?

அந்தக் கருவி மூலப்பகுதியிலிருந்து இழையை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் நீங்கள் தீட்டிய இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கிறது. சட்டையின் ஓரத்தில் தீட்டினால் அந்தச் சுற்றுப்புறத்தில் மரச்சுவரும் அடங்கும். சுவரின் பழுப்பு சட்டைக்குள் இறங்கும். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நகல் கருவியை மட்டுமே பயன்படுத்துங்கள், அல்லது சட்டையைத் தெரிவு செய்து அந்தத் தெரிவுக்குள் வேலை செய்யுங்கள். இஸ்திரி போடும்போது தவறி விழுந்த மெல்லிய கோடுகளுக்கு, அதுவும் சட்டையின் நடுவில், அந்தக் கருவியைவிட நல்லது வேறில்லை.

கோடு போட்ட, கட்டம் போட்ட சட்டைக்கும் இதே வழிதானா?

இல்லை. முன்பக்கத்தில் பிடிப்புத் தையல் இல்லாத சட்டையில், தையல்காரர் இடுப்பை உள்ளே எடுக்கும்போது செங்குத்துக் கோடுகள் வளைவதில்லை. பக்கத் தையலில் போய் முடிகின்றன. ஓரத்தின் அருகிலிருந்த ஓரிரண்டு கோடுகள் இடுப்பு மட்டத்தில் தையலுக்குள் மறைந்து, கீழே மறுபடி தோன்றும். `Liquify` கொண்டு தள்ளினால் எல்லாக் கோடுகளும் சேர்ந்து உள்வளைந்து, இடுப்பில் நெருங்கி நிற்கும். தைத்த சட்டையை அறிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே இங்கே தள்ளாமல் வெட்ட வேண்டும். `Pen Tool` கொண்டு புதிய ஓரத்தை வரைந்து, அதற்கு வெளியே இருக்கும் துணியை மறைத்து, அந்த இடத்தில் சுவரை நிரப்புங்கள். கோடுகள் நேராகவே நிற்கும். ஆனால் வெட்டிய ஓரம் காகிதத்தில் கத்தரித்ததுபோல் தட்டையாகத் தெரியும்; உடம்பு பின்னோக்கி வளையும்போது ஓரத்தில் விழும் மங்கல் துணியோடு சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். அதைத் திரும்ப உண்டாக்க வேண்டும். இருட்டும் `Curves` லேயரில், ஓரத்தை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பட்டையில், உள்நோக்கி மெலியும்படி நிழல் தடவுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, வெளிச்சப் பக்கம் மிகக் குறைவாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் கூடுதலாகவும் தடவ வேண்டும்.

தோள் தையல் கைப்பக்கம் இறங்கியிருக்கிறது. அதைத் தூக்க முடியுமா?

2 சென்டிமீட்டர் வரை முடியும். கழுத்துப்பட்டையையும் தோளின் வெளிக்கோட்டையும் மாஸ்க் போட்டு மூடிவிட்டு, தையல் கோட்டை மட்டும் 500 பிக்சல் பிரஷால் மேல்நோக்கி, தோள் எலும்பின் முனைக்கு நகர்த்துங்கள். அதற்கு மேல் இறங்கிய தையலைத் தூக்கினால், தோள் துணி நசுங்குவதும் சட்டைக்கையின் மேற்பகுதி நீள்வதும் வெளிப்படையாகத் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் தோளை விட்டுவிட்டு இடுப்பை மட்டும் அளவாகத் திருத்துவதே சரி. தோள் இறங்கியிருக்க இடுப்பு மட்டும் மிக ஒட்டியிருந்தால் இரண்டு சட்டைகளை இணைத்ததுபோல் தெரியும்.

எல்லாம் முடிந்தபின் இடுப்பை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார்கள். எப்படி?

லேயரை முதலிலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றியிருந்தால் `Liquify` மறுபடி திறக்கும். பழைய தள்ளல்கள் அப்படியே இருக்கும். சிக்கல், மேலே நகலெடுத்து ஒட்டிய லேயர்களில் இருக்கிறது. கீழே துணி நகரும்போது அவை நகராது. 20 பிக்சல் மாறினாலும் நிரப்பிய பள்ளம் ஓர் இடத்திலும் உண்மையான பள்ளம் வேறிடத்திலும் நிற்கும். ஆகவே ஓரத்தை மட்டும் திருத்திய நிலையில் படத்தைச் சிறிதாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்பி, சரி என்று அவர் சொன்னபின் மடிப்பைத் தொடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால், எல்லா லேயரையும் `Ctrl+Alt+Shift+E` கொண்டு ஒரே லேயராக நகலெடுத்து, அதன்மேல் சிறு தள்ளல் ஒன்றைச் செய்யலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலிலும் இழை இன்னும் சற்று மங்கும்.

என்னிடம் போட்டோஷாப் இல்லை. GIMP போதுமா?

போதும். `Warp Transform` கருவியில் `Move pixels` என்பது அதே தள்ளலைச் செய்கிறது. `Erase warping` கொண்டு வேண்டாத இடத்தில் திருப்பலாம். கையையும் பெல்ட்டையும் காக்க, அவற்றை முன்கூட்டியே தனி லேயராக வெட்டி மேலே வைத்துவிடுங்கள். நகல் கருவியில் `Sample merged` போட மறக்காதீர்கள்.

எந்தப் படங்களில் இதைச் செய்யக் கூடாது?

பாஸ்போர்ட், விசா போன்ற அடையாளப் படங்களில் எந்தத் திருத்தமும் வேண்டாம். சட்டையையே விற்பதற்காக எடுக்கும் படத்தில் இஸ்திரிக் கோட்டை நீக்கலாம்; பொருத்தத்தை மாற்றக் கூடாது. வாங்குபவர் அந்த இடுப்பைப் பார்த்துத்தான் தன் அளவைத் தேர்ந்தெடுக்கிறார், தொளதொளப்பான சட்டை அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எடுக்கும்போதே இதைத் தவிர்க்க வழி இல்லையா?

நேரே பார்த்து நிற்கும் படமென்றால் உண்டு. உபரித்துணியை முதுகுப்பக்கம் சேர்த்துப் பிடித்துக் கிளிப் போட வேண்டும். ஒரே கிளிப்பை இடுப்பில் மாட்டினால், முன்பக்கத் துணி அந்த ஒரே புள்ளியை நோக்கி இழுபட்டு, பக்கவாட்டிலிருந்து விசிறிபோல் கோடுகள் கிளம்பும். அவற்றை அழிப்பது தொங்கும் மடிப்பை அழிப்பதைவிடக் கடினம். முதுகெலும்பின் வழியே, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒன்று, முழங்கை மட்டத்தில் ஒன்று, பெல்ட்டுக்கு நான்கு விரல் மேலே ஒன்று என மூன்று கிளிப்புகளில் இழுப்பைப் பகிருங்கள். நடுக்கிளிப் மட்டும் சற்று அதிகமாகப் பிடிக்கட்டும். மாட்டியபின் அவரை ஒருமுறை இரு கைகளையும் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். துணி தன் இடத்தில் அமர்ந்ததும் படம் எடுக்கலாம்.